எஸ்ஸா, எஃப்பா? போன்ல பேரை ஸ்பெல் பண்றது எப்படி

போன வாரம் என் சித்தி பொண்ணு ஒரு ஹோம்வொர்க்கோட வந்தா. ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு போன் உரையாடல் பேசிக் காட்டணும். தேடுற ஆள் சீட்ல இல்லை, அதனால மெசேஜ் விடணும், பேரை எழுத்து எழுத்தா சொல்லணும். "அக்கா, இதுல என்ன இருக்கு? ரெண்டு நிமிஷ வேலை"ன்னா.

எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. ஃபைனல் இயர்ல ஒரு இன்டர்வியூ தேதியை மாத்தச் சொல்லி ஒரு கம்பெனிக்கு போன் பண்ணேன். ரிசப்ஷன்ல என் பேரையும் மெயில் ஐடியையும் சொன்னேன். அங்கே எழுதிக்கிட்டது EZHILARAFI. புது தேதி சொன்ன மெயில் எனக்கு வரவே இல்லை. என் போன் நம்பரை நான் சொல்லவும் இல்லை, எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை. இன்டர்வியூ போச்சு.

இது அவங்க காதோட தப்பு மட்டும் இல்லை. சாதாரண லேண்ட்லைன் நம்ம குரல்ல சுமார் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். 'ஸ்'ங்கிற சீறல் சத்தத்தோட பெரும்பகுதி அதுக்கு மேலே இருக்கு. அதை வெட்டிட்டா எஸ்ஸும் எஃப்பும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் கேட்கும். பி, டி, வி எல்லாம் 'ஈ'ன்னு முடியறதால இன்னொரு குழப்பம். எம், என் அடுத்த ஜோடி. இப்போ மொபைல்ல ஹெச்டி குரல் 7000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். ஆனா மறுமுனையில பழைய ஆஃபீஸ் லைன் இருந்தா, பழைய அளவுதான்.

அதனால எழுத்தோட ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லணும். அந்த வார்த்தையும் குழப்பக்கூடாது. 'பி ஃபார் பால்'னா, பந்தா இல்ல பால்ங்கிற பேரான்னு திரும்ப அதே சந்தேகம் வரும். ஊர் பேர் வசதி, நம்ம ஊர்ல யாருக்கும் புரியும். இன்னொண்ணு, ழ வர்ற பேர்ல Z இருக்கும். அதை 'ஸீ'ன்னு சொல்லாதீங்க, C மாதிரி கேட்கும். 'ஸெட்'னு சொல்லுங்க. அஞ்சு எழுத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க, எழுதறவங்களுக்கு நேரம் வேணும்.

அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

ரிசப்ஷன்: குட் மார்னிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?
நான்: குட் மார்னிங். மே ஐ ஸ்பீக் டு த ஹெச்ஆர் மேனேஜர், ப்ளீஸ்?
ரிசப்ஷன்: சாரி, ஷீ இஸ் இன் எ மீட்டிங்.
நான்: கேன் ஐ லீவ் எ மெசேஜ்?
ரிசப்ஷன்: ஷ்யூர். யுவர் நேம், ப்ளீஸ்?
நான்: எழிலரசி. ஐ வில் ஸ்பெல் இட். ஈ ஃபார் ஈரோடு, ஸெட் ஃபார் ஸீப்ரா, ஹெச் ஃபார் ஹைதராபாத், ஐ ஃபார் இந்தியா, எல் ஃபார் லண்டன்.
ரிசப்ஷன்: ஓகே.
நான்: ஏ ஃபார் ஆக்ரா, ஆர் ஃபார் ராஜஸ்தான், ஏ ஃபார் ஆக்ரா, எஸ் ஃபார் சேலம், ஐ ஃபார் இந்தியா. குட் யூ ரீட் இட் பேக், ப்ளீஸ்?
ரிசப்ஷன்: E-Z-H-I-L, A-R-A-F-I.
நான்: ஸாரி, நாட் எஃப். இட்ஸ் எஸ், எஸ் ஃபார் சேலம்.
ரிசப்ஷன்: ஓ, A-R-A-S-I.
நான்: தட்ஸ் ரைட். மை நம்பர் இஸ்... ப்ளீஸ் ஆஸ்க் ஹெர் டு கால் மீ அபௌட் த இன்டர்வியூ டேட்.

நம்பரை அஞ்சு அஞ்சு இலக்கமாப் பிரிச்சு சொல்லுங்க. அதையும் அவங்க திரும்பச் சொல்லட்டும்.

ஹோம்வொர்க்கோட உயிர் அந்த 'நாட் எஃப்' வரியிலதான் இருக்கு. எழுத்தை ஒப்பிக்கிறது எல்லாருக்கும் வரும். தப்பாக் கேட்டுட்டாங்கன்னு கவனிச்சு, கோபமோ கூச்சமோ இல்லாம, அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்துறதுதான் பழகணும். முழுப் பேரையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா எழுதறவங்க இன்னும் குழம்புவாங்க.

பயிற்சிக்கு ரெண்டு பேரும் முதுகைக் காட்டி உட்காருங்க. ஒருத்தர் நிஜமாவே பேப்பர்ல எழுதணும். ஸ்கிரிப்ட்ல இருக்கிற பேர் வேண்டாம், உங்க அம்மா பேரைச் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணது உதவாது. எழுதறவர் திரும்பப் படிக்கும்போது வேணும்னே ஒரு எழுத்தை மாத்தட்டும், அதை நீங்க பிடிக்கிறீங்களான்னு பாருங்க. கடைசியில பேப்பரைத் திருப்பிப் பாருங்க. பேர் சரியா இருந்தா ஹோம்வொர்க் முடிஞ்சது.

என் தங்கச்சி முதல் தடவை என் மாமியார் பேர்ல N-ஐ M-னு எழுதினா. ரெண்டாவது தடவை அவளே நிறுத்தி, "என் ஃபார் நாகப்பட்டினமா, எம் ஃபார் மதுரையா?"ன்னு கேட்டா.