குரல் ஏறி இறங்குதா? வீடியோவில் சீராக்க ஈஸி வழி!

ரசம் வைக்கும் வீடியோ. "வணக்கம்" என்ற முதல் சொல் காதைக் குத்துகிறது. "பெருங்காயம் ஒரு சிட்டிகை" என்பதோ கேட்கவே இல்லை. 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஈக்வலைசர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். மேஜை அதிர்வு, வண்டிகளின் உறுமல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விட்டுவைத்தால், கம்ப்ரஸர் அந்த உறுமலுக்கும் சேர்த்துக் குரலை அமுக்கும். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறையுங்கள். மெலிந்து ஒலித்தால், 200 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டுங்கள், கதகதப்பு வரும். இந்த வித்தியாசம் மொபைல் ஸ்பீக்கரில் சரியாகத் தெரியாது, இயர்போனில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கம்ப்ரஸர். த்ரெஷோல்டு -18 டெசிபல், ரேஷியோ 3:1 என வையுங்கள். நம் "வணக்கம்" -6-ல் இருக்கிறது, அதாவது எல்லையைவிட 12 அதிகம். அது மூன்றில் ஒரு பங்காகி -14-க்கு இறங்கும். -20-ல் இருக்கும் "பெருங்காயம்" அப்படியே இருக்கும். 14 டெசிபல் இடைவெளி ஆறாகச் சுருங்கிவிட்டது! இனி மொத்தமாக 6 டெசிபல் கூட்டினால் இரண்டுமே தெளிவாகக் கேட்கும்.

ஆனால், கூடவே ஃபேன் சத்தமும் 6 டெசிபல் கூடும். நீங்கள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் ஃபேன் 'உஸ்'ஸென்று மேலெழுந்தால், கம்ப்ரஷன் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ரேஷியோவை 2:1 ஆக்குங்கள். அதைவிட நல்லது, ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவுசெய்வதுதான்.