இருபது மாடிக்கு எவ்வளவு பெரிய சம்ப்?

குடிநீர்க் குழாயில் பம்பை நேரடியாக மாட்டக்கூடாது. அது தெருவின் தண்ணீரையே உறிஞ்சி, கசிவுகள் வழியே அழுக்கையும் இழுக்கும். அதனால்தான் இடையில் ஒரு சம்ப். அதற்குள் விழும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

80 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாள் தேவை 43,200 லிட்டர். ஒரு நாள் இருப்பு போதும் என்பேன். பாதி வீடுகள் காலியாக இருந்தால் அதே நீர் இரண்டு நாள் தேங்கி, குளோரின் குறைந்துவிடும். அப்போது மிதவை வால்வைத் தாழ்த்தி, மட்டத்தைக் குறைக்க வேண்டும். சம்பை இரண்டு அறையாகக் கட்டினால், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.

பம்புக்கு நாள் கணக்கு உதவாது, காலை நெரிசலே அளவு. இங்கே நொடிக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும். நொடிக்கு 2 லிட்டர் தரும் பம்புகள் இரண்டு, மாற்றாக ஒன்று. உயரம் 60 மீட்டர், மேல்மாடி ஷவருக்கு 15, உராய்வுக்கு 10: ஆக 85 மீட்டர் அழுத்தம். அது கீழ்மாடிக் குழாய்களுக்கு மிக அதிகம். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம். யாரும் குழாய் திறக்காத இரவிலும் பம்ப் அடிக்கடி ஓடினால், அழுத்தத் தொட்டியில் காற்று குறைந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம்.