முதிர்வுப் பணத்துக்கு முன்பணம் கிடையாது

1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து டிராம்பே ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களால் உருவானது சீத்தா கேம்ப். இங்கே தெரிந்த ஏஜெண்ட் வற்புறுத்தினார் என்பதற்காக ஒரு பாலிசி எடுத்து, நாலைந்து வருடம் கட்டி, வேலை போனதும் விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். பாண்டு ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பழைய முகவரிக்கு நிறுவனம் அனுப்பிய கடிதம் கைக்கு வந்திருக்காது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்று தெரியாத அந்த நிலையில்தான் போன் வருகிறது: “மாதாஜி, உங்கள் பாலிசி மெச்சூர் ஆகிவிட்டது. போனஸோடு மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டிவிடுங்கள்.”

அந்தத் தொகை சாத்தியமா என்பதை நாமே கணக்கிட முடியும். ஓர் உதாரணம் பார்ப்போம். 2008-ல் ஒரு லட்ச ரூபாய்க்கு 20 வருடப் பாலிசி எடுத்து, ஆண்டுக்கு சுமார் 5,000 ரூபாய் வீதம் ஐந்து தவணை கட்டி நிறுத்தியிருக்கிறார் ஒரு பெண். மூன்று வருடத்துக்கு மேல் கட்டியதால் அந்தக் காலத்துப் பாலிசிகளில் பணம் முழுதாகப் போய்விடாது. ‘பெய்டு-அப்’ ஆக மாறியிருக்கும். இருபது தவணையில் ஐந்து கட்டியதால் ஒரு லட்சத்தில் நான்கில் ஒரு பங்கு, 25,000 ரூபாய் நிற்கிறது. கட்டிய ஐந்து வருடங்களுக்கும் ஆயிரத்துக்கு 40 ரூபாய் போனஸ் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,000, மொத்தம் 20,000. ஆக 45,000. அதுவும் கைக்கு வருவது 2028-ல்தான். போனஸ் விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனாலும் 45,000 ஒருநாளும் 3,85,000 ஆகாது. பாண்டை எடுத்துக் காப்புத் தொகை, காலம், முதிர்வுத் தேதி மூன்றையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அழைப்பவருக்கு நம் பெயர், பாலிசி எண், சில சமயம் ஏஜெண்டின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். 2024 ஜூலையில் நொய்டாவில் ஒரு போலி கால் சென்டரில் 11 பேரைப் போலீஸ் பிடித்தது. அதில் 9 பேர் பெண்கள். நடத்தியவர்கள் இருவரும் முன்பு ஆயுள் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர்கள். சுமார் பத்தாயிரம் பேரின் விவரங்களை வெறும் 2,500 ரூபாய்க்கு வாங்கியிருந்ததாகப் போலீஸ் சொன்னது. உங்கள் விவரம் ஒருவர் வாயில் வருவது அவர் நிறுவனத்து ஆள் என்பதற்குச் சான்றே இல்லை.

பணம் பறிப்பது படிப்படியாக நடக்கும். முதலில் ஃபைல் சார்ஜ் 6,500. அது வந்ததும் 3,85,000-க்கு ஐந்து சதவீதம் டிடிஎஸ் என்று 19,250. பிறகு ரிசர்வ் வங்கி என்ஓசி என்று 28,000. ஒவ்வொரு தடவையும் “இது திரும்ப வரும், செக்கோடு சேர்த்துத் தருவோம்” என்பார்கள். ஐஆர்டிஏஐ முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். இதுவரை போட்டது போய்விடுமே என்ற பயத்திலேயே அடுத்ததையும் கட்டிவிடுகிறோம். மூன்றையும் கூட்டினால் 53,750. அந்தப் பாலிசியின் உண்மையான மதிப்பைவிட அதிகம்.

உண்மையான நடைமுறை இதற்கு நேர் எதிர். முதிர்வுக்கு முன்பே நிறுவனம் கடிதம் அனுப்பும். டிஸ்சார்ஜ் படிவம், அசல் பாண்டு, அடையாளச் சான்று, கேன்சல் செய்த செக் ஆகியவற்றைக் கிளையில் கொடுத்தால் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். கட்டணம் எதுவும் இல்லை. வரி பிடிக்க வேண்டியிருந்தால், தர வேண்டிய தொகையில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். உங்களிடம் தனியாக வசூலிக்க மாட்டார்கள். மேலே சொன்ன 45,000 ரூபாய்க்கு டிடிஎஸ்ஸே கிடையாது. முதிர்வில் வரி பிடிப்பு வருடத்தில் ஒரு லட்சமும் அதற்கு மேலும் தரும்போதுதான் எழும், அதிலும் வரிவிலக்குள்ள பாலிசிகளுக்கு இல்லை. ஐஆர்டிஏஐ என்பது காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு. போனஸ் அறிவிப்பதோ பாலிசி விற்பதோ அதன் வேலை இல்லை என்று அதுவே தொடர்ந்து எச்சரித்து வருகிறது. சந்தேகம் வந்தால் போனில் வந்த எண்ணுக்கே திரும்பப் பேசாதீர்கள். பிரீமியம் ரசீதில் அச்சிட்டிருக்கும் கிளைக்குப் போங்கள். எல்ஐசி என்றால் 022-68276827-ல் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, அது யார் கணக்கில் போய் விழுந்தது என்பது. ஜிபேயில் ‘அனுப்பப்பட்டது’ என்பதன் கீழே தெரியும் பெயரைப் பாருங்கள். வங்கி ஸ்டேட்மென்டையும் பாருங்கள். பரிகாரம் அங்கே இரண்டாகப் பிரிகிறது.

தனிநபர் பெயரிலோ கேள்விப்படாத டிரேடர்ஸ் பெயரிலோ போயிருந்தால் அது போலீஸ் வேலை. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in-ல் பதியுங்கள். பணம் அனுப்பிய நேரம், தொகை, யுடிஆர் எண் இவற்றைக் கேட்பார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருக்கும் தொகையை முடக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். மோசடிக்காரர்கள் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றியோ ஏடிஎம்மில் எடுத்தோ விடுவதற்குள் இது நடக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கில் தாமதம் ஆகக் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று இரண்டு நாள் மறைத்துவைப்பதால்தான் பிடிக்கக்கூடிய பணமும் கைநழுவுகிறது. பிறகு டிராம்பே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். முடக்கிய பணம் திரும்ப வர நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். வங்கியே ஈடு தரும் என்று எதிர்பார்க்க முடியாது. நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை அது அங்கீகரித்த பரிவர்த்தனையாகவே பார்க்கும்.

இன்னொரு வகையில் பணம் உண்மையான காப்பீட்டு நிறுவனத்துக்கே போயிருக்கும். பழைய போனஸை விடுவிக்க ஒரு ‘டெபாசிட்’ என்று சொல்லி, நமக்குத் தெரியாமலே புதிய பாலிசி ஒன்றை நம் தலையில் கட்டியிருப்பார்கள். அழைத்தவருக்கு அதில் கமிஷன். சில வாரத்தில் புதிய பாண்டு வரும். அதைத் திறந்து பார்க்காமல் வைப்பதுதான் ஆபத்து. பாண்டு கைக்கு வந்த 30 நாளுக்குள் ‘ஃப்ரீ லுக்’ உரிமையைப் பயன்படுத்தி ரத்து செய்தால், சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பும். கெடு தாண்டிவிட்டால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும், bimabharosa.irdai.gov.in-லும் பதியலாம், 155255-ல் பேசலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். மும்பை அலுவலகம் சாந்தாகுரூஸ் மேற்கில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆம்புட்ஸ்மன் விசாரிப்பது நிறுவனத்தையும் ஏஜெண்ட், புரோக்கர் போன்றவர்களையும் பற்றி மட்டுமே. யாரோ ஒருவரின் கணக்குக்குப் போன பணத்தை அவரால் மீட்க முடியாது.

இரண்டு வழியிலும் ஆதாரம் உங்கள் போனில்தான் இருக்கிறது. கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எண்கள், கடிதங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிவையுங்கள். சில வாரம் கழித்து, “சைபர் செல்லிலிருந்து பேசுகிறேன், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, ரிலீஸ் செய்ய மூவாயிரம் கட்டணும்” என்று இன்னொருவர் கூப்பிடுவார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. அந்த எண்ணையும் அதே தாளில் குறித்து, புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.