விரிவுரையை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டாலும் குரல் கீச்சிடாதது எப்படி?

புதுதில்லி: இணையவழிப் பாடங்களைப் பின்பற்றும் மாணவர்களிடையே, பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் வழக்கம் பரவியுள்ளது. ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் தளத்தின் விரிவுரைகளாயினும், போட்டித் தேர்வுக்கான வகுப்புப் பதிவுகளாயினும், கணக்கு ஒன்றே. 60 நிமிட விரிவுரை 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 30 மணி நேர விரிவுரைகள் கொண்ட ஒரு பாடத்துக்கு 20 மணி நேரம் போதும்.

மிச்சமாகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால், குரல் இயல்பாக ஒலித்தால்தான் அந்த நேரத்தால் பயன் உண்டு. அதே பதிவைத் தவறான முறையில் விரைவுபடுத்தினால், பேராசிரியரின் குரல் சிறு குழந்தையின் கீச்சுக் குரலாக மாறி, சொற்கள் விளங்காமல் போகும். இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், எந்தப் பதிவை விரைவுபடுத்தலாம், எதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதும் புலப்படும்.

குரல் ஏன் கீச்சிடுகிறது?

ஒலிநாடாவை ஒன்றரை மடங்கு வேகத்தில் சுழற்றினால், அதில் பதிந்துள்ள ஒவ்வோர் அதிர்வும் ஒன்றரை மடங்கு விரைவாக வெளிப்படும். விநாடிக்கு 120 முறை அதிரும் ஓர் ஆண் குரல், விநாடிக்கு 180 முறை அதிர்வதாகக் காதில் விழும். 120-க்கும் 180-க்கும் இடையிலான விகிதம் 2-க்கு 3. நம் இசை மரபில் இது சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி. அதாவது, ‘ச’வில் பேசிக்கொண்டிருந்தவர் ‘ப’வுக்கு ஏறிவிடுகிறார்.

சுருதி உயர்வது மட்டுமே சிக்கல் என்றால் காது ஓரளவு பழகிக்கொள்ளும். உயிரெழுத்துகளை நாம் இனங்காண்பது, தொண்டையும் வாயும் சேர்ந்து உருவாக்கும் ஒத்ததிர்வுகளைக் கொண்டுதான். நாடாவின் வேகம் கூடும்போது அந்த ஒத்ததிர்வுகளும் ஒன்றரை மடங்கு மேலே நகர்கின்றன. தொண்டையும் வாயும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிய ஒருவர் பேசுவதைப் போன்ற ஒலி அப்போது உண்டாகிறது. கேலிச்சித்திரப் படங்களில் வரும் அணிலின் குரல் நினைவுக்கு வருவது இதனால்தான்.

துண்டாக்கி, நெருக்கி அடுக்குதல்

இதற்கான தீர்வு, ஒலியை விரைவாக ஓட்டாமல் இருப்பதுதான். ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் அதன் இயல்பான வேகத்திலேயே ஒலிக்கவிட்டு, துண்டுகளுக்கு இடையிலான தொலைவை மட்டும் குறைக்கின்றனர். துண்டுக்குள் எதுவும் மாறாததால் சுருதியும் ஒத்ததிர்வுகளும் அப்படியே இருக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுழலும் காந்த முனைகள் கொண்ட நாடாக் கருவியின் மூலம் இதற்கான வழியை 1954-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். கணினியில் இன்று பரவலாகப் பயன்படும் முறைகளுள் ஒன்றான ‘டபிள்யூசோலா’, 1993-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் இருவரால் முன்வைக்கப்பட்டது.

அதன் செயல்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். துண்டு ஒன்றின் நீளம் 30 மில்லி விநாடி என்று கொள்வோம். மூலப் பதிவில் 22.5 மில்லி விநாடிக்கு ஒன்றாகத் துண்டுகள் எடுக்கப்படுகின்றன. புதிய பதிவில் அவை 15 மில்லி விநாடிக்கு ஒன்றாக அடுக்கப்படுகின்றன. 22.5-ஐ 15-ஆல் வகுத்தால் கிடைப்பது ஒன்றரை. ஒவ்வொரு துண்டின் பிற்பாதியும் அடுத்த துண்டின் முற்பாதியின் மீது படிகிறது. அந்த இடத்தில் முதல் துண்டின் ஒலி படிப்படியாகத் தேய, இரண்டாம் துண்டின் ஒலி படிப்படியாக வளர்கிறது. இதனால் ஒட்டிய இடம் காதுக்குத் தெரிவதில்லை.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் குரல் கரகரக்கும். விநாடிக்கு 120 முறை அதிரும் குரலில் ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி ஆகிறது. முதல் துண்டு 15-ஆவது மில்லி விநாடியில் தேயத் தொடங்கும்போது, அதன் இயல்பான தொடர்ச்சி மூலப் பதிவின் 15-ஆவது மில்லி விநாடியில் உள்ளது. நாமோ 22.5-ஆவது மில்லி விநாடியில் தொடங்கும் துண்டைக் கொண்டுவந்து வைக்கிறோம். இரண்டுக்கும் இடைவெளி 7.5 மில்லி விநாடி; அது முழு அதிர்வு அன்று. ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் ஓரளவு மோதி ஒலியைக் கலைக்கும்.

டபிள்யூசோலா முறையின் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. 22.5 என்ற இடத்தை அது இறுதியானதாகக் கொள்வதில்லை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் தேடி, முதல் துண்டின் இயல்பான தொடர்ச்சியோடு அலைவடிவில் மிகவும் ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நமது எடுத்துக்காட்டில் அந்த இடம் 23.3-ஆவது மில்லி விநாடி. 15-உடன் முழு அதிர்வு ஒன்றின் 8.3-ஐக் கூட்டினால் கிடைப்பது அது. ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான இந்த நகர்த்தலால் அலைகள் ஒன்றன்மீது ஒன்று பொருந்தி, குரல் தெளிவாக ஒலிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இந்தத் தேடல் புதிதாக நடைபெறுகிறது.

செய்வது எவ்வாறு?

இணைய உலாவிகளில் காணொளியின் வேகத்தைக் கூட்டும்போது, சுருதியைக் காக்கும் ஏற்பாடு இயல்பாகவே செயல்படுகிறது. விஎல்சி செயலியிலும் அவ்வாறே. அதில் குரல் கீச்சிட்டால், ஒலி அமைப்புகளில் Enable Time-Stretching audio என்ற தெரிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விரைவுபடுத்திய பதிவைத் தனிக் கோப்பாகச் சேமிக்க விரும்புவோர், ஆடாசிட்டி செயலியில் Change Tempo என்ற வசதியைப் பயன்படுத்தலாம். பெயரில் Speed என்ற சொல் உள்ள வசதியைத் தேர்ந்தெடுத்தால், பழைய ஒலிநாடாவைப் போலவே சுருதியும் ஏறிவிடும். விழுக்காட்டுக் கட்டத்தில் 50 என்று இட வேண்டும். நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று எண்ணி 33 என்று இடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் 60 நிமிடப் பதிவு 40 நிமிடமாகாமல், 45 நிமிடத்தில் நின்றுவிடும்.

பல கோப்புகளை மாற்ற வேண்டியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் ஏற்றது. ஒலிப்பதிவுக்கு இந்தக் கட்டளை போதும்:

```
ffmpeg -i lecture.mp3 -filter:a "atempo=1.5" fast.mp3
```

காணொளியாக இருந்தால் படத்தையும் அதே அளவுக்கு விரைவுபடுத்த வேண்டும்:

```
ffmpeg -i lecture.mp4 -filter_complex "[0:v]setpts=PTS/1.5[v];[0:a]atempo=1.5[a]" -map "[v]" -map "[a]" fast.mp4
```

ஒலியை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தை விட்டுவிட்டால், திரையில் 10-ஆவது நிமிடப் பலகை தெரியும்போது காதில் 15-ஆவது நிமிட விளக்கம் ஒலிக்கும். தொடக்கத்தில் இந்தப் பிழை கண்ணுக்குப் படாது. எனவே புதிய கோப்பின் மொத்த நீளத்தைச் சரிபார்ப்பதோடு, இறுதி நிமிடங்களில் பேச்சும் உதட்டசைவும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூலக் கோப்பை அழித்துவிடாமல் வைத்திருப்பது நல்லது. ஏற்கெனவே விரைவுபடுத்திய கோப்பை மீண்டும் ஒன்றரை மடங்கில் ஓட்டினால், உண்மையில் கேட்பது இரண்டேகால் மடங்கு வேகத்தில்.

எங்கே தடுமாறுகிறது?

மேற்கண்ட முறை, ஒரே குரல் தெளிவாகப் பதிவாகியிருக்கும்போது சிறப்பாகச் செயல்படும். எதிரொலி மிகுந்த பெரிய அரங்கில் தொலைவில் இருந்து பதிவு செய்த விரிவுரையிலும், ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களிலும், அலைவடிவுகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் இடம் கிடைக்காததால் ஒலி நடுங்குவது போலவோ, குழாய்க்குள் இருந்து வருவது போலவோ தோன்றும்.

இரண்டாவது இடர் வல்லின ஒலிகளில் உள்ளது. ‘ட’, ‘ப’ போன்றவை வெடிக்கும் கணம் சில மில்லி விநாடிகளே. நமது எடுத்துக்காட்டில் அந்த வெடிப்பு மூலப் பதிவின் 25-ஆவது மில்லி விநாடியில் நேர்ந்தால், அது முதல் துண்டின் தேயும் பகுதியிலும் இரண்டாம் துண்டின் வளரும் பகுதியிலும் இடம்பெறும். விளைவாக, ஓர் உரத்த வெடிப்புக்குப் பதிலாக, அடுத்தடுத்து இரண்டு மெல்லிய ஒலிகள் கேட்கும். கைதட்டலோ மேசையைத் தட்டும் ஒலியோ இரட்டித்து ஒலித்தால், நிகழ்ந்திருப்பது இதுவே என்று அறியலாம். ஒன்றரை மடங்கில் இது அரிதாகவே காதுக்குப் படும்; வேகம் கூடக் கூட மிகுதியாகும்.

குறில், நெடில் வேறுபாடு அழிந்துவிடுமோ என்ற ஐயம் எழலாம். ‘படம்’, ‘பாடம்’ ஆகிய இரு சொற்களும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், அவற்றுக்கு இடையிலான ஒப்பீட்டு வேறுபாடு நிலைக்கிறது. சுற்றியுள்ள பேச்சின் வேகத்தோடு ஒப்பிட்டே காது நீளத்தை அளப்பதால், குழப்பம் பெரும்பாலும் நேர்வதில்லை.

காது ஏற்றாலும் மனம் ஏற்குமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், விரிவுரைக் காணொளியை ஒன்றரை மடங்கிலும் இரு மடங்கிலும் பார்த்தவர்களின் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. இரண்டரை மடங்கில் அது சரிந்தது. ஆனால், அவை அம்மாணவர்களுக்குப் பழக்கமான மொழியில் அமைந்த விரிவுரைகள். இந்திய மொழி வழியில் பள்ளிக் கல்வி முடித்து, ஆங்கிலத்தில் பொறியியல் பாடம் கேட்கும் மாணவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது.

நிமிடத்துக்கு 120 சொற்கள் பேசும் ஆசிரியர், ஒன்றரை மடங்கில் 180 சொற்கள் பேசுகிறார். ஏற்கெனவே விரைந்து 160 சொற்கள் பேசுபவரோ 240-ஐத் தொடுகிறார். ஆகவே, எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே வேகம் ஒத்துவராது. பலகையில் வரிவரியாகச் சமன்பாடு வருவிக்கும் பகுதிகளில் இடைநிற்கும் மௌனமும் பாடத்தின் ஓர் அங்கமாகும்; மாணவர் அந்த வரியைச் சரிபார்க்கும் நேரம் அதுவே. மென்பொருள் பேச்சோடு சேர்த்து அந்த மௌனத்தையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது.

ஒரே பகுதியை இரண்டாம் முறை பின்னோக்கி ஓட்டிக் கேட்க நேர்ந்தால், மிச்சப்பட்டதாகக் கருதிய நேரம் கரையத் தொடங்குகிறது. 60 நிமிட விரிவுரையை 40 நிமிடத்தில் கேட்டுவிட்டு, அதில் பாதியை அதே வேகத்தில் மறுபடியும் கேட்டால் மொத்தம் 60 நிமிடம் ஆகிவிடும். அத்தகைய பகுதிகளை இயல்பான வேகத்தில் ஒருமுறை கேட்பதே சிக்கனமானது.