இலையின் பச்சை சொல்லும் யூரியா கணக்கு

இலை வண்ண அட்டை என்பது, கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கக்கூடிய ஒரு நீளமான பிளாஸ்டிக் அட்டை. அதில் வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் கூடக்கூடப் பச்சை அடர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் முதலில் உருவான இந்த எண்ணத்தை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்நாட்டின் தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் ஆசிய உழவர்களுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தன. தமிழ்நாட்டு வயல்களுக்கான அளவுகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துப் பரிந்துரைத்திருக்கிறது.

நெல் இலையில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி பச்சையம் இருக்கும் நுண்ணறைகளில்தான் தங்கியிருக்கிறது. அதனால் தழைச்சத்து குறைந்தால் பச்சை வெளுக்கும், மிகுந்தால் கறுக்கும். மண்ணில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைவிட, அதில் பயிர் இன்று எவ்வளவு எடுத்திருக்கிறது என்பதையே இலை காட்டுகிறது. அட்டையின் பயன் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வழக்கமான முறையில் தழைச்சத்தை நாள் கணக்கு வைத்துப் பிரித்துப் போடுகிறார்கள். மத்திய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. அதை நான்கு பங்காக்கி அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் இடுவார்கள். ஆனால் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலும், பல போகமாகத் தொழுவுரமே காணாத மணற்பாங்கான வயலும் ஒரே நாளில் ஒரே அளவு பசியோடு இருப்பதில்லை. பயிர் கேட்காத நேரத்தில் தேங்கிய நீரில் வீசிய யூரியா அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது, மண்ணுக்குள் நைட்ரஜன் வாயுவாக மாறி வெளியேறுகிறது, வடிநீரோடும் போகிறது. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவுதான் பெரும்பாலும் பயிருக்குச் சேர்கிறது. பயிர் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் கேடுதான். இலை கொழுத்துத் தொங்கும். இலைசுருட்டுப் புழுவும் புகையானும் குலை நோயும் அங்கேதான் முதலில் வரும். கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும்.

அட்டையைப் பயன்படுத்துவதை நடவு வயலில் 14-ஆம் நாளும், நேரடி விதைப்பு வயலில் 21-ஆம் நாளும் தொடங்க வேண்டும். அதற்கு முன் நாற்று வேர் பிடித்துக்கொண்டிருக்கும்; அப்போது அதன் தேவை மிகக் குறைவு, இலையின் நிறமும் நாற்றங்காலின் நிலையைத்தான் காட்டும். அதன்பின் வாரம் ஒருமுறை, கதிர் வெளிவரும் வரை பார்க்க வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது. வயலின் வரப்போரத்தை விட்டு உள்ளே சென்று, பூச்சியோ நோயோ தாக்காத பத்துக் குத்துகளை அங்கங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு குத்திலும் உச்சியிலிருந்து மூன்றாவதாக உள்ள, முழுதாக விரிந்த இலையே பார்வைக்குரியது. இலையைக் கிள்ளாமல், அதன் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். வெயில் நேராக விழுந்தால் அட்டையும் இலையும் பளபளத்து நிறம் ஏமாற்றும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, உடலின் நிழல் இலைமேல் விழும்படி செய்துகொள்ள வேண்டும். நிறம் 3-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் 3.5 என்று குறித்துக்கொள்ளலாம். ஒருவர் கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணுக்கும் அரைப் புள்ளி வேறுபாடு எளிதில் வந்துவிடும் என்பதால், ஒரு வயலை ஒரு போகம் முழுக்க ஒரே ஆள் பார்ப்பதுதான் சரி.

இனி முடிவு எடுப்பது. வெள்ளைப் பொன்னி போல அதிக உரத்தைத் தாங்காத ரகங்களுக்கு எல்லை எண் 3; மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4. பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் அன்றே ஒரு தவணை மேலுரம் இட வேண்டும். மழைக்காலத்தில் தவணைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, கோடைப் போகத்தில் 35 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், இது ஏக்கருக்கு முறையே ஏறத்தாழ 26, 31 கிலோ யூரியா ஆகும். ஒரு தவணையின் அளவு மாறுவதில்லை. எத்தனை தவணை, எந்த வாரம் என்பதைத்தான் பயிர் தீர்மானிக்கிறது.

சம்பாவில் ஓர் ஏக்கர், எல்லை எண் 4 உள்ள மத்திய கால ரகம் என்று வைத்துக்கொள்வோம். 14-ஆம் நாள் பத்து இலைகளும் 3, 3.5, 4, 3, 3.5, 4, 3.5, 3, 4, 3.5 என்று வருகின்றன. 4-க்குக் கீழே ஏழு இலைகள். எனவே 26 கிலோ யூரியா. 21-ஆம் நாள் கீழே இருப்பவை இரண்டுதான். அன்று உரம் இல்லை. 28-ஆம் நாள் ஐந்து. இங்குதான் பலருக்குக் கை துறுதுறுக்கும். ஐந்து என்பது ஆறு அல்ல, காத்திருக்க வேண்டும். 35-ஆம் நாள் எட்டு இலைகள் கீழே இறங்குகின்றன, இரண்டாம் தவணை. பிறகு கதிர் உருவாகும் பருவத்தில் 49-ஆம் நாளும், அடுத்து 63-ஆம் நாளும் எல்லைக்குக் கீழே போனால் மொத்தம் நான்கு தவணை, 104 கிலோ யூரியா. பொதுப் பரிந்துரைப்படி இதே ஏக்கருக்கு ஏறத்தாழ 132 கிலோ ஆகியிருக்கும். ஆனால் சத்துக் குறைந்த பக்கத்து வயல் ஐந்து தவணை கேட்கலாம். அங்கே மிச்சம் எதுவும் இருக்காது, உரம் வேண்டிய நாளில் விழுந்திருக்கும், அவ்வளவே. அட்டையை யூரியா குறைக்கும் கருவி என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது இதனால்தான் தவறு.

அட்டை தழைச்சத்து ஒன்றைத்தான் அளக்கிறது. ஆனால் இலை வெளுக்க வேறு காரணங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும். தழைச்சத்துக் குறைவில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அல்லது இரும்புச்சத்துக் குறைவில் புது இலைகள் முதலில் வெளுக்கும். துத்தநாகம் போதாத வயலில் நட்ட சில வாரங்களில் அடியிலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தெரியும். யூரியா இட்டு ஒரு வாரத்துக்கு மேலாகியும் பச்சை ஏறவில்லை என்றால் அடுத்த தவணையைப் போடாமல், இந்தச் சத்துகளையும் வேரின் நிலையையும் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது: மணிச்சத்து பற்றாத பயிர் குட்டையாக நின்றாலும் இலை கரும்பச்சையாகவே இருக்கும். அட்டை அதைத் திருப்தியான பயிர் என்று காட்டிவிடும். எனவே மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் மண் பரிசோதனைப்படி இட்ட வயலில்தான் அட்டையின் சொல்லை நம்பலாம். வெயிலில் கிடந்து கட்டங்கள் மங்கிய பழைய அட்டையையும் பயன்படுத்தக் கூடாது. அதன் 4 உண்மையில் 3.5 ஆகியிருந்தால் வெளிறிய பயிரும் தேறியதாகத் தெரியும், தவணை தள்ளிப்போகும்.

மேலுரம் இடும் நாளில் வயலில் நீர் சீராக, மெல்லிய அளவில் நிற்க வேண்டும். பெருமழை வரும் அறிகுறி இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப் போடலாம். கதிர் வெளிவந்ததும் அட்டையின் வேலை முடிகிறது. அதன்பின் இலை வெளுப்பது, தன்னிடம் உள்ள தழைச்சத்தை மணிக்கு அனுப்புவதால். அதற்கு யூரியா இடத் தேவையில்லை.