வினைச்சொல்லுக்கு முன் நழுவும் விரல்

புறக்கோட்டை பிரதான வீதியில் நடைபாதை வியாபாரி ஒருவர் விரித்திருக்கும் பொலித்தீன் விரிப்பின் அகலம் இரண்டு, மூன்று மீற்றர் இருக்கும். அந்தச் சனநெரிசலில் மனிதர் நடக்கும் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவுதான். ஆக, ஒருவர் அவருடைய சரக்கைக் கடந்து போக எடுக்கும் நேரம் கூடினால் மூன்று செக்கன். அதற்குள் வியாபாரி அந்தக் காலைத் தயங்க வைக்க வேண்டும். கைபேசியில் குறுங்காணொளி போடுகிறவருக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ இதே நேரம். முதல் வசனத்தை அவர்கள் 'ஹூக்' என்பார்கள். அது பிடிக்காவிட்டால் பார்ப்பவரின் பெருவிரல் மேலே தள்ளிவிடும்.

நடைபாதை வியாபாரி வணக்கம் சொல்வதில்லை. தன் பெயரையும் சொல்வதில்லை. விலையைச் சொல்கிறார், தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி. அல்லது ஆளைப் பார்த்து அழைக்கிறார்: அக்கா, தங்கச்சி, மல்லி, நங்கி. இந்த அழைப்புக்கு ஆய்வுகூடத்தில் ஓர் ஒப்பு உண்டு. 1959இல் நெவில் மோரே என்ற உளவியலாளர், இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சைக் கேட்கவைத்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். கவனிக்காத காதில் வந்தவை பெரும்பாலும் மனதில் பதியவில்லை. ஆனால் கேட்பவரின் சொந்தப் பெயர் அதில் வந்தபோது மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் சொல்லி அழைத்தும் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 'வெள்ளவத்தை ஆக்களே' என்று தொடங்கும் கிளிப் வெள்ளவத்தையில் இருப்பவர் எல்லோரையும் நிறுத்திவிடாது.

கத்தினால் நிற்பார்களா என்றால், அதுவும் இல்லை. புதிதாக ஒரு சத்தம் வந்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பது உடம்பின் இயல்பு. அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் திரும்பல் தேய்ந்துபோகும் என்பதை ரஷ்ய உடலியலாளர் சொக்கொலோவ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒலிபெருக்கிகள் போட்டி போடும் தெருவில் இன்னொரு ஒலிபெருக்கிக்கு யாரும் திரும்புவதில்லை. டிக்டொக்கிலும் அப்படித்தான். உங்கள் கிளிப்புக்கு முன்னால் ஓடியதும் 'டொம்' என்ற ஓசையோடுதான் தொடங்கியிருக்கும்.

ஆகவே மிஞ்சுவது சொற்களின் வரிசை. இங்கேதான் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ஹூக் எழுதுவதற்கான குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. அந்த மொழியில் யார், என்ன செய்தார் என்பது முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே தெரிந்துவிடும். நமக்கு வினை கடைசியில் நிற்கிறது. வசனம் முடியும் வரை என்ன நடந்தது என்பது வெளிவராது, சில வேளைகளில் நடந்ததா இல்லையா என்பது கூட.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். கெய்சர் வீதித் துணிக்கடை ஒன்றுக்காகக் கிளிப் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் நல்ல விஷயம்: கொட்டன் என்று விற்கப்படும் துணி உண்மையில் கொட்டன்தானா என்று நூலை எரித்துப் பார்ப்பது. பருத்தி நூல் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகும். ஆறியதும் கல் போன்ற ஒரு குமிழ் மிஞ்சும். முதலில் எழுத வருவது இப்படித்தான் இருக்கும்:

'வணக்கம் மக்களே, இண்டைக்கு நாங்க புறக்கோட்டையில துணி வாங்கேக்க அது சுத்தமான கொட்டனா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு பாக்கப்போறம்.'

இதில் 49 அசைகள் இருக்கின்றன. இங்கே அசை என்பது ஒரு மூச்சில் வரும் ஒலித்துண்டு. 'வ-ணக்-கம்' மூன்று. செக்கனுக்கு ஆறு அசை என்ற சாதாரண வேகத்தில் பேசினால் வசனம் முடிய எட்டுச் செக்கன் ஆகும். மூன்றாவது செக்கன் முடியும்போது 18 அசைகள் வந்திருக்கும். அந்த இடம் 'துணி' என்ற சொல்லின் முதல் அசை. அதாவது, பார்ப்பவர் போகும்போது இது துணியைப் பற்றியது என்றே அவருக்குத் தெரியாது. 'கொட்டனா' என்ற கேள்வி ஐந்து செக்கனுக்குப் பிறகுதான் வருகிறது. வேகமாகப் பேசி இதைச் சரிசெய்ய முடியாது. செக்கனுக்கு எட்டு அசையாகத் துரத்தினாலும் மூன்று செக்கனில் 'வாங்கேக்க' தாண்டிக் கொஞ்சம்தான் போகலாம்.

பழைய வானொலி அறிவிப்பாளர்கள் வணக்கம் சொல்லித்தானே தொடங்கினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வானொலியில் வேறு நிலையத்துக்குப் போக எழுந்து போய்த் திருகியைத் திருப்ப வேண்டியிருந்தது.

வினை கடைசியில் நிற்பதால் தமிழ்க் காது வசனம் முடியும் வரை சும்மா காத்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். யூகி கமிடே, ஜெரி ஆல்ட்மன், சாரா ஹேவுட் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் யப்பானிய மொழியை எடுத்தார்கள். அதுவும் நம்முடையதைப் போல வினை கடைசியில் வரும், உருபுகள் ஒட்டும் மொழி. ஒரு படத்தில் உணவகப் பணிப்பெண், வாடிக்கையாளர், ஹம்பர்கர் எல்லாம் இருக்கும். பார்ப்பவரின் கண் எங்கே போகிறது என்று கருவி பதியும். 'பணிப்பெண் வாடிக்கையாளருக்கு' என்று கேட்டதுமே, ஹம்பர்கர் என்ற சொல் வருவதற்கு முன்பே, கண்கள் ஹம்பர்கரை நோக்கிப் போயின. 'வாடிக்கையாளரை' என்று வந்தபோது அந்த அளவுக்குப் போகவில்லை. 'க்கு' என்றால் எதையோ கொடுக்கப்போகிறார், கொடுக்கக்கூடியது ஹம்பர்கர்தான். வினையின் வேலையில் ஒரு பங்கை உருபு முன்கூட்டியே செய்துவிடுகிறது.

ஹூக் எழுதுகிறவருக்கு இது கைக்கருவி. கேட்பவர் தானாக முன்னே ஓடி ஊகிக்கும்படி செய்யும் விகுதியை முதல் இரண்டு செக்கனுக்குள் வைத்துவிட்டால், வினை வராததே அவரைப் பிடித்து வைக்கும். தமிழில் அதற்கு மிக வலுவானது 'ஆல்' என்ற நிபந்தனை விகுதி என்று நினைக்கிறேன். 'போட்டா', 'கேட்டா', 'வச்சா' என்று முடிந்த சொல்லுக்குப் பிறகு விளைவு வந்தே தீர வேண்டும். நம் கிளிப்பை அப்படி மாற்றினால்:

'கொட்டன் எண்டு தந்த துணி. பத்த வச்சா...'

12 அசை, இரண்டு செக்கன். மூன்றாவது செக்கனில் பேச்சு இல்லை. இடுக்கியில் பிடித்த நூல் நெருப்புக்குப் பக்கத்தில் வருகிறது. கொட்டன் என்றால் எரிய வேண்டும் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். எரியுமா என்று பார்க்க அவர் இருப்பார்.

இன்னொரு வழி வினையை முன்னால் இழுப்பது. எழுத்துத் தமிழில் இது பிழை போலத் தோன்றினாலும் வாய்ப்பேச்சில் அன்றாடம் செய்வதுதான். 'வந்திட்டான் உன்ர மச்சான்' என்பதில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. அப்படி எழுதினால்:

'உருகுது பாருங்க, கொட்டன் எண்டு தந்த துணி.'

15 அசை, இரண்டரைச் செக்கன். காதில் விழும்போது 'பத்த வச்சா'வை விட அடி பலம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பதிலை அவிழ்த்துவிட்டோம். பொலியெஸ்டர் உருகும் என்று தெரிந்தவருக்கு மூன்றாவது செக்கனோடு வேலை முடிந்துவிட்டது.

ஆவல் எப்போது கூடும் என்பதை 2009இல் மின் ஜியோங் காங்கும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவரோடு பணியாற்றியவர்களும் பொது அறிவுக் கேள்விகளை வைத்து ஆராய்ந்தார்கள். பதில் சுத்தமாகத் தெரியாதவர்களுக்கு ஆவல் குறைவு. உறுதியாகத் தெரிந்தவர்களுக்கும் குறைவு. 'இதுவாக இருக்குமோ' என்று அரைகுறையாக ஊகித்தவர்களுக்குத்தான் அதிகம். 'இதை மட்டும் செஞ்சிடாதீங்க' என்று தொடங்கும் கிளிப்புகள் ஏன் சலித்துப்போயின என்பதற்கு இது ஒரு விளக்கம். எதை என்று ஊகிக்க அதில் ஒரு பெயர்ச்சொல் கூட இல்லை. கொட்டன், துணி, நெருப்பு என்று மூன்று தெரிந்த பொருள்களைக் கொடுத்தால் ஊகம் தானாக ஓடும்.

வினையை முன்னால் வைக்க விரும்பினால், பதில் வெளிவந்த உடனேயே அடுத்த கேள்வியை வைக்க வேண்டும். இந்தக் கிளிப்பில் அதற்கு நல்ல கேள்வியே இருக்கிறது: 'கடையில நெருப்பு வைக்க ஏலாதே, அப்ப என்ன செய்யிறது?' துணியின் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவிக்கொண்டு போய் வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேல், இடுக்கியில் பிடித்துச் சோதிக்கலாம். கலப்பு நூல் என்றால் இரண்டு குணமும் தெரியும்: கடதாசி மணமும் வரும், சாம்பலுக்குள் கடினமான துணுக்கும் மிஞ்சும். இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் வினையை முன்னால் போட்ட கிளிப்பைப் பார்வையாளர் வரைபடத்தில் கண்டுபிடிப்பது எளிது. முதல் மூன்று செக்கன் கோடு தட்டையாக நிற்கும், நாலாவது ஐந்தாவது செக்கனில் செங்குத்தாக விழும். முதல் செக்கனிலேயே விழுந்தால் பழி ஹூக்கின் தொடக்கத்துக்கு. பல வேளைகளில் பேச ஆரம்பிக்குமுன் உள்ளிழுத்த மூச்சைக் கூட வெட்டாமல் விட்டிருப்பார்கள்.

வெளியிடுவதற்கு முன்பே சோதிக்கலாம். முதல் மூன்று செக்கனை மட்டும் ஒருவருக்குப் போட்டு நிறுத்தி, 'இனி என்ன வரும்?' என்று கேளுங்கள். 'தெரியாது' என்றாலும் கூடாது, முழுப் பதிலையும் சொல்லிவிட்டாலும் கூடாது. 'எரியாதோ?' என்று இழுத்தால் அதுதான் வேண்டியது. கொழும்பில் இதைக் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரிடமும் புறக்கோட்டைக் கடைப் பையன் ஒருவரிடமும் கேட்பது நல்லது, சென்னையில் உறவினர் இருந்தால் அவரிடமும். 'எண்டு', 'கொட்டன்' என்பவை நமக்குக் காதோடு பழகியவை. அங்குள்ளவருக்கு ஒரு கணம் தடுக்கும்.

வெளியிட்ட பிறகு பார்வை எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அதைப் பார்வையாக எண்ணுகிறது. தள்ளிவிட்டவரும் அதில் சேர்ந்துவிடுவார். பார்க்க வேண்டியது ஸ்டூடியோவில் வரும், எத்தனை வீதத்தினர் தங்கிப் பார்த்தார்கள், எத்தனை வீதத்தினர் தள்ளிவிட்டார்கள் என்ற பங்கீடும் பார்வையாளர் வரைபடமும். அதிலும் அவசரம் ஆகாது. ஒரே கிளிப்பை இரண்டு ஹூக்கோடு போட்டு, ஒவ்வொன்றையும் 200 பேர் பார்த்து, ஒன்றில் 60 வீதமும் மற்றதில் 65 வீதமும் தங்கினால் அது எதையும் காட்டவில்லை. தற்செயலாகவே ஐந்து வீதம் ஆடும் அளவு சிறிய எண்ணிக்கை அது. 2,000 பேர் அளவில் அதே வித்தியாசம் நின்றால் நம்பலாம். அப்போதும், இரண்டு கிளிப்பும் ஒரே மாதிரி ஆட்களுக்குப் போயிருக்கும் என்று தளம் உத்தரவாதம் தருவதில்லை. ஞாயிறு மாலை போட்டதை ஞாயிறு மாலை போட்டதோடு ஒப்பிடுவது, மூன்று நான்கு கிளிப்புகளில் அதே போக்கு திரும்ப வருகிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் வெளியில் இருந்து செய்யக்கூடியது.