இருபத்து மூன்று துண்டுகளும் ஒரு வட்டமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எட்டாவது அட்டவணை மொழிகள் 22-க்கும் தாய்மொழியாகக் கொண்டோரின் எண்ணிக்கை உண்டு. மற்ற மொழிகளை ஒன்றாகச் சேர்த்தால் மொத்தம் 23 பங்குகள். இதை வட்ட விளக்கப்படமாக வரைந்தால் ஒரு செய்தி மட்டும் பளிச்சென்று தெரியும்: இந்தி, பாதி வட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. அதன் பங்கு 43.63 சதவீதம்.

அதற்கு மேல் வட்டம் எதையும் சொல்லாது. மராத்தியா, தெலுங்கா, எதைப் பேசுவோர் அதிகம்? மராத்தி 6.86 சதவீதம், தெலுங்கு 6.70. ஒரு சதவீதம் என்பது 3.6 பாகை. ஆகவே இரு துண்டுகளின் கோண வேறுபாடு ஏறக்குறைய 0.6 பாகைதான். அந்த நூலிழைக்குள் சுமார் 19 லட்சம் பேர் மறைந்துபோகிறார்கள்.

கண்ணின் மீது குற்றமில்லை. வட்டத்தில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து நிற்கிறது. ஒப்பிடுவதற்குப் பொதுவான தொடக்கக் கோடு இல்லை. வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலின் மீதுள்ள இடங்களை ஒப்பிடுவதைவிடக் கோணங்களை ஒப்பிடும்போது மனிதர்கள் கூடுதலாகப் பிழை செய்வது தெரிந்தது. போதாக்குறைக்கு 23 வண்ணங்கள் வேறு. எந்தப் பச்சை ஒடியா, எந்தப் பச்சை மலையாளம் என்று குறிப்புப் பெட்டிக்கும் வட்டத்துக்குமாகக் கண் அலைய வேண்டியிருக்கும்.

மாற்று, கிடைமட்டப் பட்டைப் படம். மொழிப் பெயர்களை இடப்பக்கம் எழுதி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, எல்லாப் பட்டைகளையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வண்ணம் போதும். மராத்திக்கு அடுத்துத் தெலுங்கு, அதற்கடுத்துத் தமிழ் என்ற வரிசை படித்த மாத்திரத்தில் புரிந்துவிடும்.

ஆனால் பட்டைக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்திக்குப் பத்து சென்டிமீட்டர் ஒதுக்கினால் மராத்திக்கும் தெலுங்குக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட வராது. இந்தியின் அளவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டு, மற்றவற்றைத் தனிப் படமாக வரைவதே நல்லது. 8.03 சதவீதமுள்ள வங்காளம் பத்து சென்டிமீட்டர் என்றால், மராத்தி தெலுங்கை இரண்டு மில்லிமீட்டர் முந்தும். அது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு.

பட்டியலின் அடியில் இருக்கிறது சமஸ்கிருதம்: 24,821 பேர். ஐந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அதன் துண்டு, விளிம்பில்கூடத் தலைமுடியைவிட மெல்லியது. பட்டையாலும் அதைக் காட்ட முடியாது. அங்கே பட்டைக்குப் பதில் புள்ளி வைத்து, பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், கோடி, பத்துக் கோடி எனப் பத்துப் பத்து மடங்காக ஏறும் மடக்கை அளவுகோலைப் பயன்படுத்தலாம். அந்த அளவுகோலில் பூஜ்ஜியம் கிடையாது என்பதால் நீளத்தைக் கொண்டு அளவைச் சொல்லும் பட்டை அதற்குப் பொருந்தாது. அருகிலேயே எண்ணையும் எழுதிவிட்டால், 24,821 பேரும் படத்தில் இடம்பிடித்துவிடுவார்கள்.